நேராச் சொன்ன விடை

நெம்ப நீட்டாத கண்ணு. போனை எட்டிப் பாக்கறாளேன்னு கோவிச்சுக்காத, இந்த பஸ்ஸு குலுக்கற குலுக்குல கண்ணு தானா அங்க போயிருச்சு. எவனோ ஒருத்தன் விடுகதை போட்டிருக்கறான், நீ அதுக்கு எட்டு வரி எழுதிட்டு உக்காந்திருக்கற. அழிச்சுரு. விடையையும் சொல்லிப்போடாத. விடுகதையோட வந்து நிக்கறவனுக்கு விடையா வேணும்? விடைதான் அவங்கிட்டயே இருக்குதே!

எனக்கெப்புடித் தெரியும்ங்கறயா? தெரியும். கோபி, காங்கயம் ரெண்டு தாலூக்காவுலயும் அதுல என்னையாட்டம் கரை கண்டவ ஒருத்தியுமில்ல. சிரிக்காத, பெருமைக்குச் சொல்லல. அதுல கரை கண்டுதான் இன்னிக்கு மத்தியானச் சோறு கூட இல்லாம இந்த பஸ்ஸுல உக்காந்திருக்கறேன். கூடப் பொறந்த அக்கா கண்ணு. தலை தீவாளிக்கு அழைக்கோணும்னு வெத்தலை பாக்கு, பழம், வேட்டி, சேலை எல்லாம் எடுத்துட்டுப் போனவளை, எலை போடறதுக்கு முன்னாடி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு தாட்டி உட்டுட்டா. நான் என்ன தப்புப் பண்ணுனேன்? முழுசாக் கேட்டுட்டு நீயே சொல்லு.

என்ற பேரு சாந்தாமணி. கோபியில இ-சேவை மையத்துல வேலை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் பென்சன்னு ஊருல இருக்கற எல்லாத்துக்கும் நாந்தான் தட்டிக் குடுக்கறேன். அவிய சொல்லச் சொல்ல, அவியளாவே மாறி எழுதோணும். "நான் மேற்படி முகவரியில் வசிக்கிறேன்"னு எழுதறப்ப அந்த நான் நானா? அது மாதிரி எழுதியெழுதிப் பழகுன கையி.

அக்கா கலாமணி. எனக்கு மூத்தவ. கட்டிக் குடுத்த மாமா மாரடைப்புல போயிட்டாரு, குழந்தை குட்டியும் இல்ல, பொறந்த வீட்டுக்கே வந்துட்டா. வீட்டுலயே ரவிக்கை தெச்சுக் குடுப்பா. அவ தெச்ச ரவிக்கை ஒரு நூல் அளவு அங்க இங்க போகாது. பேச்சும் அப்புடித்தான். கேட்டா கேட்டதுக்குப் பதிலு, கேக்காட்டி வாயே தொறக்க மாட்டா. தங்கமான மனுசி, சாமி சத்தியமா. ஆனா வெளையாட்டுக்குன்னு ஒரு வார்த்தை அவகிட்ட வாங்க முடியாது.

நானா? நான் கட்டலை. ரெண்டு எடம் ஜாதகத்துல தட்டிப் போச்சு, பொறவு அம்மா படுத்த படுக்கையாயிட்டா, அம்மா போறதுக்குள்ள எனக்கும் வயசு போயிருச்சு. அட, அதை உடு. கதை என்ற கதை இல்ல.

அப்பாவுக்கு ஒரே வெசனம், கலாவுக்கு மறுபடி ஒரு துணை அமையோணும்னு. சரின்னு நாந்தான் அந்த வரன் பாக்கற ஆப்புல அவ பேரைப் பதிஞ்சேன். அதுல "யார் பதிவது"ன்னு ஒரு கேள்வி வரும், பாத்திருக்கறயா? உடன்பிறந்தவர்னு போட்டேன். அக்காகிட்ட பட்டன் போன்தான், அதனால நம்பரும் என்ற நம்பர். இதெல்லாம் எல்லா வீட்டுலயும் நடக்கறதுதானே? பையனுக்கு அம்மா பேசறா, பொண்ணுக்கு அண்ணன் பேசறான். எவன் பேசறான்னு எவனுக்குத் தெரியும்!

வர்ற மெசேஜைப் பாத்தா வாழ்க்கையே வெறுத்துப் போகும். ஒருத்தன் "ஹாய்". அவ்வளவுதான், அதுக்கு மேல அவனுக்கே என்ன சொல்றதுன்னு தெரியாது. ஒருத்தன் "ஜாதகம் அனுப்பவும்". ஒருத்தன் "முதல் கணவர் எப்படி இறந்தார்". எடுத்த எடுப்புல கேக்கற கேள்வியா அது? இன்னொருத்தன் ரோசாப்பூப் படம் போட்டு காலை வணக்கம் சொன்னான், சாயங்காலம் ஆறு மணிக்கு.

அப்பத்தான் தை மாசத்துல ஒரு நாள், மையத்துல சர்வர் படுத்துக்கிச்சு. கூட்டம் பூரா வெளிய வேப்பமரத்தடியில உக்காந்திருக்குது. போன்ல டிங்குன்னுச்சு. பாத்தா, பேரு மோகனசுந்தரம், காங்கயம், தேங்காக் களம் வெச்சிருக்கறாரு, சம்சாரம் தவறிட்டாங்க. மெசேஜு இதுதான்:

"பகலெல்லாம் சுருண்டு கிடப்பான், ஒறம்பரை வந்தா விரிஞ்சு படுப்பான். அவன் யார்?"

முன்னயும் இல்ல பின்னயும் இல்ல. ஒரு வணக்கம் கூடக் கெடையாது. எனக்குப் பொக்குனு சிரிப்பு வந்துருச்சு கண்ணு. எத்தன நாளாச்சோ தெரியல, நானா சிரிச்சு.

இப்பக் கேளு, இதுலதான் சூட்சுமம் இருக்குது. அது விருந்தாளிக்கு விரிக்கற பாயின்னு பச்சக் குழந்தைக்குக் கூடத் தெரியும். அதை அவருக்குச் சொன்னா என்ன ஆகும்? "சரியான விடை"ம்பாரு. பள்ளிக்கூடத்துல மார்க்கு போட்ட மாதிரி அத்தோட முடிஞ்சுது. தெரியலைங்கன்னு போட்டாலும் முடிஞ்சுது, பாயின்னு சொல்லிட்டுப் போயிருவாரு. அது என்னன்னா, விடுகதைங்கறது கதவை லேசாத் தட்டிட்டு ஒதுங்கி நிக்கற மாதிரி. நீங்க யாரு, என்ன சம்பாதிக்கறீங்க, ஏன் தனியா இருக்கறீங்கன்னு ஒண்ணும் கேக்கல பாத்தியா? ரெண்டு பேரும் தங்களைப் பத்தி ஒரு சொல்லு சொல்லாமயே பேச ஆரம்பிச்சுக்கலாம். நீயும் உள்ளிருந்து ஒரு தட்டுத் தட்டோணும், அவ்வளவுதான். தப்பான விடையாச் சொல்லோணும். ஆனா அந்தத் தப்பு, சரியானது உனக்குத் தெரியும்னு அவனுக்குக் காட்டிக் குடுக்கோணும். நான் ரெண்டே வார்த்தை போட்டேன்.

"எங்க சித்தப்பாங்க."

உட்டேன் போனை, ஒரு பாட்டிக்கு ஆதார்ல வெரல் ரேகை விழுகலைன்னு அதைப் பாக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா பதில் கெடக்குது: "உங்க சித்தப்பாவைச் சுருட்டி மூலையில சாத்தி வைக்க முடியுமா?"

பாத்தியா? பாயின்னு அவரும் சொல்லல, நானும் சொல்லல. ரெண்டு பேருக்கும் தெரியும். நான் போட்டேன்: "சித்தி கிட்ட கேட்டுச் சொல்றேன்." அத்தோட நிறுத்திட்டேன். அதுதான் முக்கியம். ஆத்துல போட்டாலும் அளந்து போடுங்கறது இதுக்குந்தான். இனிக்கறப்ப எந்திரிச்சுரோணும், தெகட்டற வரைக்கும் உக்காரக்கூடாது. நீ எழுதுனியே எட்டு வரி, அது தெகட்டற கணக்கு.

வீட்டுக்குப் போயி அக்காகிட்ட சொன்னேன், இப்புடி ஒருத்தர் விடுகதை போடறாருன்னு. மிசினை மிதிச்சுட்டே, "ஏன், அவருக்கு எதாச்சும் கோளாறா? ஜாதகம் பொருந்துதா பாரு"ன்னா. பாத்தேன். பொருந்துச்சு. நெம்ப நல்லாப் பொருந்துச்சு.

மறுநாளு அவரு போடல. போட மாட்டாரு, ஏன்னா விடுகதையை அவுத்தவதான் அடுத்ததைப் போடோணும், அதுதான் மொறை. காத்திருந்தாரு மனுசன். ரெண்டு நாளு கழிச்சு நான் போட்டேன்: "ஊரு அழுக்கெல்லாம் அள்ளுவா, வீட்டைப் பளபளன்னு வெப்பா. ஆனா விருந்தாளி வந்தா அவளைக் கதவுக்குப் பின்னால ஒளிச்சு வெப்பாங்க. அவ யாரு?"

விளக்கமாறு கண்ணு, வேற யாரு. அவரு மொதல்ல "எங்க ஊரு முனிசிபாலிட்டி லாரி"ன்னு போட்டாரு. நான் "லாரி கதவுக்குப் பின்னால நிக்குமா?"ன்னேன். பொறவு வந்துச்சு: "எங்க வீட்டுல அவளை நடு வீட்டுலதாங்க வெப்போம்."

என்ன மனுசனோ, விளக்கமாத்தைக் கொண்டு போயி நடு வீட்டுல வெப்பானா ஒருத்தன்? அதை நான் எத்தனை தடவை படிச்சேன்னு கேக்காத. வெளக்கமாத்துக்கு வந்த வாழ்வைப் பாருன்னு எனக்கே சிரிப்பு. சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அப்புடியே மாசி, பங்குனின்னு ஓடுச்சு. தெனமெல்லாம் இல்ல. வாரத்துல ரெண்டு, மூணு. சும்மா இருந்த நேரத்துல விடுகதை கட்டிட்டு இருப்பேன். பஸ்ஸுல, குழம்பு கொதிக்கறப்ப, சான்றிதழ் பிரிண்ட் ஆகறப்ப. நடுவுல நடுவுல நேராவும் ரெண்டு வார்த்தை பேசுவோம். அவரு சம்சாரம் ஆசுபத்திரியில கெடந்தப்ப படுக்கைப் பக்கத்துல உக்காந்து விடுகதை போட்டுக்கிட்டே இருப்பாராம். அவங்க தப்புத் தப்பாச் சொல்லிச் சிரிப்பாங்களாம். "உங்களுக்கும் தப்பாச் சொல்லத் தெரியுது"ன்னு எழுதியிருந்தாரு. அன்னிக்கு ஒரே வருமானச் சான்றை மூணு தடவை பிரிண்ட் எடுத்துட்டேன்.

என்ன கண்ணு அப்புடிப் பாக்கற? அக்காவுக்காகத்தான் பேசுனேன். அக்கா பேருதானே மேல இருக்குது. அக்கா போட்டோதானே இருக்குது. நான் எழுதறது என்னைக்காச்சும் என்னுதா இருந்திருக்குதா?

சித்திரையில பொண்ணு பாக்க வர்றேன்னாங்க. அவரும், அவரோட அக்காவும், ஒரு பங்காளியும். முந்தின நாளே அக்காவை உக்கார வெச்சுச் சொன்னேன்: "கலா, அவரு ஒரு வெளையாட்டுப் பேர்வழி. நாளைக்கு எதாச்சும் விடுகதை போட்டாலும் போடுவாரு. திருதிருன்னு முழிச்சுப்போடாத." அவ்வளவுதான் சொன்னேன். அதுல அரைகுறையா உட்டுட்டேன்னு இப்பத் தோணுது. விடை சொல்லாதேன்னு சொல்லாம உட்டுட்டேன். எனக்கு அது மூச்சு உடற மாதிரி, அவளுக்குத் தெரியாதுன்னு எனக்கெப்புடித் தெரியும்?

வந்தாங்க. அக்கா மயில் கழுத்துக் கலர் சேலையில வந்து காப்பி குடுத்துட்டு உக்காந்தா. மகாலச்சுமியாட்டம் இருந்தா. அவரு போட்டோவுல இருக்கறதை உடக் கொஞ்சம் கறுப்பு, சிரிச்சா ஒரு பக்கமாச் சிரிப்பாரு. அப்பாவோட தேங்கா வெலை பேசிட்டே இருந்தவரு, திடீர்னு அக்கா பக்கம் திரும்பி, நாலு பேரு முன்னால கேக்கறாரு:

"கையில்லாம கதவைத் தட்டுவான், காலில்லாம உள்ள வருவான், வெரட்டுனாலும் சாவித் தொளை வழியாத் திரும்ப வருவான். அவன் யாருங்க?"

அக்கா ஒரு நொடி யோசிச்சா. தலையை நிமித்தி, கணீர்னு சொன்னா:

"காத்துங்க."

சரியான விடை! அவரோட அக்கா கையைத் தட்டறாங்க, "ஏ அப்பா, பொண்ணு நெம்பப் புத்திசாலிடா"ன்னு. பங்காளி தலையாட்டறாரு. எங்கப்பாவுக்கு மொகமெல்லாம் பல்லு. அவரு மட்டும் சிரிக்கல. சிரிச்ச மூஞ்சி அப்புடியே நின்னுருச்சு. கதவைத் தட்டுனவன் மூஞ்சியில கதவை அடிச்சுச் சாத்துன மாதிரி. அதை அந்த வீட்டுல பாத்தது நான் ஒருத்திதான்.

எனக்குத் தாங்கல கண்ணு. முறுக்குத் தட்டோட கதவோரமா நின்னுட்டு இருந்தவ, வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "எங்களுக்கு வாரச் சீட்டுக்காரர்தான் அப்புடி வருவாருங்க"ன்னுட்டேன். எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. அவரு தலையைத் திருப்பி என்னைப் பாத்தாரு. அப்பத்தான் மொதல் தடவையாப் பாத்தாரு. நான் முறுக்குத் தட்டைப் பங்காளிகிட்ட நீட்டிட்டேன்.

பொறவு கை கழுவறேன்னு பின்னால வந்தாரு. நான் சொம்புல தண்ணி மோந்து ஊத்தறேன். கையை நீட்டிட்டே மெதுவாக் கேட்டாரு, "சித்தப்பாவைச் சுருட்டி வெச்சாச்சுங்களா?"

என்ன சொல்லட்டும்? சித்தி இன்னும் ஒத்துக்கலைங்கன்னு நாக்கு நுனிக்கு வந்துருச்சு. உள்ள அக்கா அவரோட அக்காளுக்கு ரவிக்கை அளவு பாத்துட்டு இருக்கற சத்தம் கேக்குது. அவ சிரிக்கற சத்தமும் கேக்குது. மாமா போனதுக்கப்பறம் ஏழு வருசமாக் கேக்காத சத்தம். நான், "எந்தச் சித்தப்பாங்க? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களே"ன்னேன். தண்ணியை அவரு கையில ஊத்தறதுக்குக் காலு மேல ஊத்திட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலமே மெசேஜு. விடுகதை இல்ல, பந்தயம். "ஒரு பந்தயம். தைரியமிருந்தா ஒரே வார்த்தையில பதில் போடுங்க. இத்தனை நாளும் எழுதினது யாரு?"

ஒரே வார்த்தை. ரெண்டெழுத்து. 'நான்'. தட்டிட்டேன் கண்ணு. பொய் சொல்ல மாட்டேன், தட்டிட்டு அனுப்பற பொத்தானுக்கு மேல வெரலை வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அந்த நேரம் அக்கா வந்து பக்கத்துல உக்காந்தா. "சாந்தா, அவிய என்னமோ சொல்லி அனுப்பினாங்களா? எனக்குப் புடிச்சிருக்குதுன்னு சொல்லிரு"ன்னா. அவ வாயில புடிச்சிருக்குதுங்கற வார்த்தையை நான் கேட்டதேயில்ல. தெச்ச ரவிக்கை புடிச்சிருக்குதான்னு அடுத்தவியளைத்தான் கேப்பா.

அழிச்சேன். "கலாமணி"ன்னு தட்டி அனுப்பிட்டேன்.

வேற என்ன பண்ணச் சொல்ற? தனக்கு மிஞ்சித்தான் தானமா? நல்லா இருக்குது நீ சொல்றது! அது அரிசி பருப்புக்குச் சொன்னது. ஒரு வீட்டுல ரெண்டு பொண்ணு, ஒரு எடம் வந்தா மூத்தவளுக்குத்தான். அதுவும் நான் அவ பேருல பேசுன எடம். எடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு என்ன?

அவரு "சரிங்க"ன்னு போட்டாரு. அதுக்கப்பறம் ஒரு விடுகதை இல்ல. ஒண்ணுகூட இல்ல. நாளு குறிச்சாங்க, வைகாசியில சிவன்மலையில வெச்சுத் தாலி கட்டுனாங்க. அவரு நல்ல மனுசன் கண்ணு, சொன்ன சொல்லு மாற மாட்டாரு. அக்காளை நல்லா வெச்சிருக்கறாரு. களத்துக் கணக்கெல்லாம் அவதான் பாக்கறா. புதுப் போனு வாங்கிக் குடுத்திருக்கறாரு. எனக்கு சந்தோசந்தான். எனக்கு என்ன கொறை? போனு டிங்குனாத்தான் கொஞ்சம் கஷ்டமா இருக்கும். கேஸ் கம்பெனிக்காரன் மெசேஜா இருக்கும். அதுக்கு நான் ஏன் அழுகோணும்? அழுதிருக்கறேன். பாத்ரூம்ல தண்ணியைத் தொறந்து உட்டுட்டு அழுதிருக்கறேன். எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

சரி, இன்னிக்கி நடந்ததுக்கு வர்றேன்.

அப்பாவுக்கு முட்டி வலி, பஸ்ஸேற முடியாது. நாந்தான் தீவாளிக்கு அழைக்கப் போனேன். அவரு வீட்டுல இல்ல, களத்துல தேங்காயை ஒடச்சுப் பருப்புக் காயப் போட்டுட்டு இருந்தாராம். எனக்கும் அதுவே நல்லதாப் போச்சு. அக்காளுக்கு என்னைக் கண்டதும் அவ்வளவு சந்தோசம். அரிசியும் பருப்பும் போட்டு சோறாக்கி, கத்திரிக்கா தொவட்டி, எனக்குப் புடிக்கும்னு தயிருக்குத் தொட்டுக்க மோர் மொளகாயெல்லாம் வறுத்து வெச்சிருக்கறா. அடுப்படியில உக்காந்து பேசிட்டிருந்தோம். பேச்சு நடுவுல அவளே கேட்டா.

"சாந்தா, அவரு எப்பப் பாத்தாலும் விடுகதை போடுவாரும்பயே. எங்கிட்ட ஒண்ணுகூடப் போடறதில்லையே."

"வேலை ஜாஸ்தியா இருக்கும் கலா"ன்னேன்.

"இல்ல. அன்னிக்கு நான் கரெக்டாத்தானே சொன்னேன்?"

"கரெக்டாத்தான் சொன்ன."

"பின்ன?" அப்புடின்னு கொழந்தையாட்டம் கேக்கறா. "நான் ஒண்ணு போட்டுப் பாக்கட்டுமா? எனக்குக் கட்டத் தெரியாது. நீ ஒண்ணு சொல்லிக் குடு. அவரு களத்துல இருந்து சிரிச்சுட்டே வரோணும்."

பாவமா இருந்துச்சு கண்ணு. எனக்கு மனசு இல்ல, ஆனா எப்புடி மாட்டேன்ங்கறது? தாலி கட்டுன புருசன் சிரிக்கோணும்னு கேக்கறா. கையைக் கழுவிட்டு வந்து நான் சொல்லச் சொல்ல அவளே ஒத்தை வெரல்ல தட்டறா. களத்துல இருக்கறவருக்குக் களத்துக்குத் தக்கதாவே கட்டுனேன்:

"ரெண்டாப் பொளந்து வெய்யில்ல போட்டா, அழுது அழுது காஞ்சு போவான். காஞ்ச பொறவுதான் அவனுக்கு மதிப்பு. அவன் யாரு?"

"நெம்ப நல்லா இருக்குது"ன்னு சொல்லி அனுப்பிட்டா. ரெண்டு நீலக் கோடு உடனே விழுந்துச்சு. படிச்சுட்டாரு. அப்பறம் மேல 'தட்டச்சு செய்கிறார்'னு வருது, நிக்குது, மறுபடி வருது. அக்கா போனை அடுப்புத் திட்டு மேல வெச்சுட்டு, ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்துட்டு இருக்கறோம். சின்ன வயசுல கோழி முட்டை பொறியறதைப் பாத்த மாதிரி.

வந்துச்சு. "சாந்தா வந்திருக்கறாளா?"

அவ்வளவுதான். விடுகதைக்கும் அதுக்கும் சம்பந்தமேயில்ல. அடுத்த நொடியே அது காணாமப் போச்சு, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'ன்னு மட்டும் நிக்குது. அப்பறம் இன்னொண்ணு வந்துச்சு: "தேங்காப் பருப்பு."

நேரா விடை. சரியான விடை.

அக்கா அடுப்பை அமத்துனா. ரசத்தை மூடி வெச்சா. முந்தானையில கையைத் தொடச்சுட்டு, ஏதோ சாமான் வெலை கேக்கற மாதிரிக் கேட்டா, "அந்த ஆப்புல எழுதுனதெல்லாம் நீதானே?"

"உனக்குத் தெரிஞ்சதுதானே கலா. உனக்காகத்தானே..."

"ஜாதகமும் சம்பளமும் கேட்டு எழுதுனேன்னு நெனச்சேன்."

"அதுவும் எழுதுனேன்."

"சரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு. தீவாளிக்கு நாங்க வரல. அப்பாகிட்ட நானே போன்ல சொல்லிக்கறேன்"ன்னா. வெத்தலைத் தட்டைத் திருப்பிக் குடுக்கல, அந்த மட்டுக்கும் மரியாதை. ஆனா சேலையைப் பிரிச்சுக்கூடப் பாக்கல. வாசல் வரைக்கும் வந்தா. "சாந்தா, எனக்குன்னு ஒரு வீடு இப்பத்தான் அமைஞ்சிருக்குது. கொஞ்ச நாளைக்கு வராத"ன்னு சொன்னா. கோவமாச் சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். கெஞ்சுனா கண்ணு. என்ற அக்கா எங்கிட்டக் கெஞ்சுனா.

அந்த வீட்டைக் கட்டிக் குடுத்ததே நாந்தானே? ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வெச்சுக் கட்டுனேன். எல்லாத்தையும் அவளுக்குக் குடுத்தேன், ஒண்ணுகூட எனக்குன்னு வெச்சுக்கலை. அவரு போட்ட ஒரு வரிக்கு நான் என்ன பண்ணுவேன்? நானா எழுதுனேன்? அவரா எழுதுனாரு, அவரா அழிச்சாரு. அதுக்கு எனக்கு எதுக்குத் தண்டனை? நல்லதுக்குக் காலமில்லேன்னு சும்மாவா சொன்னாங்க.

இத்தனை நேரமா யோசிச்சுட்டே வர்றேன், எங்க தப்பாச்சுன்னு. ஒண்ணே ஒண்ணு மட்டும் புரியல. அவரு எழுதுன அந்த வரி வந்துச்சில்ல, அது அழியறதுக்குள்ள அதைப் படிக்கறதுக்கு எனக்கே நேரம் பத்தல, கண்ணு தெறிக்கப் படிச்சேன். படிச்சுட்டு நிமுந்தா, அக்கா அந்தப் பக்கமே பாக்கல. அந்த வரி அழிஞ்ச பொறவுதான் அவ போனையே பாத்தா. அவ என்ற மூஞ்சியைத்தான் பாத்துட்டு இருந்தா.

என்ற மூஞ்சியில அப்புடி என்ன கண்ணு இருந்திருக்கும்?